தண்டழுகல், வெயில்சூடு: ட்ராகன் பழக் கொடியில் இரண்டையும் படத்தில் பிரித்தறிதல்

ட்ராகன் பழக் கொடியில் பலரும் ‘இலை’ என்று சொல்வது இலை அல்ல, தண்டு. கள்ளி வகை ஆதலால் இலையின் வேலையையும் அந்த மூன்று விளிம்புத் தண்டே பார்க்கிறது. அதனால் ‘இலை மஞ்சளாகிறது, என்ன சத்துக் குறைவு?’ என்று கேட்டுக்கொண்டு வரும் கைபேசிப் படங்களில் பெரும்பாலும் தெரிவது இரண்டில் ஒன்று: தண்டழுகல், அல்லது வெயில் சுட்ட காயம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் இந்த இரண்டும் ஒரே பருவத்தில், கோடை மழையை ஒட்டி வருவதால் குழப்பம் கூடுகிறது.

‘அழுகல்’ என்பது ‘அழுகு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். ஏலக்காய் பயிரிடும் மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காயின் காயழுகல் நோயை ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளே ‘அழுகல்’ என்று நம் சொல்லால்தான் எழுதுகின்றன. திசு நீர்கோத்து, குழைந்து, நாறி, பக்கத்துத் திசுவுக்கும் பரவுவதே அழுகல். பரவுதல் இந்தச் சொல்லின் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ட்ராகன் கொடியில் இதைச் செய்வது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், ஃபியூசேரியம் போன்ற பூஞ்சையாகவும் இருக்கலாம்.

‘சன்பர்ன்’ என்பதற்கு ‘வெயில் கருகல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது பொருந்தாத சொல். முதலாவது, வெயில் பட்ட தண்டு கறுப்பதில்லை. மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கிறது. இரண்டாவது, ‘இலைக்கருகல்’ என்று நாம் நோயைத்தான் சொல்கிறோம். ‘கருகல்’ என்று கேட்டதும் மருந்துக் கடைக்காரர் பூஞ்சைக்கொல்லியை எடுத்து நீட்டுவது அதனால்தான். ‘வெயில்சூடு’ என்பதே சரியாக இருக்கும். மாட்டுக்குச் சூடு போட்டால் விழும் தழும்பையும் சூடு என்றுதான் சொல்கிறோம். சூடு பட்ட இடத்தோடு நிற்கும், பரவாது.

படத்தைப் பார்க்கும்போது முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். வெயில்சூடு வானத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும். கொடி ஏறிப் படரும் தூணின் மேல்வளையத்தில் தண்டு வளைந்து தொங்கத் தொடங்கும் முதுகுப் பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். சித்திரைத் தொடக்கத்தில் இந்த மலைகளில் சூரியன் உச்சிக்கு நேரே வருவதால் அந்த முதுகு முழு வெயிலை வாங்குகிறது. ‘தென்மேற்குப் பக்கம் பார்’ என்று சமவெளிக்காரர்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிற்பகலில் மஞ்சு இறங்கும் சரிவில் கிழக்குப் பக்கம் சுடப்பட்டிருக்கும். பக்கத்துத் தூண்களிலும் அதே உயரத்தில், அதே திசையில் மஞ்சள் இருந்தால் அது வெயில்தான். அழுகல் திசை பார்க்காது. அடித்தண்டில் மண் தொடும் இடத்திலோ, அறுத்த வெட்டுவாயிலோ, நத்தை கடித்த இடத்திலோ தொடங்கி நிழல் பக்கத்துக்கும் சுற்றி வரும்.

அடுத்தது விளிம்பு. சூட்டுக்காயத்தில் மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையில் கரையும். காய்ந்த பிறகு வெண்தோல் ஒட்டி, உள்ளே கெட்டியாக இருக்கும். அழுகலில் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும் ஈர வளையம் ஓடும். அந்த வளையம் படத்தில் தெரிந்துவிட்டால் வேறு சான்று வேண்டாம். சதை குழைந்து வழிந்த பின்னும் நடுவிலுள்ள நார்க்குச்சி மட்டும் நிற்பது முற்றிய மென்னழுகலின் அடையாளம்.

இரண்டுக்கும் இடையில் ஏமாற்றுவது தண்டுப்புற்று என்ற பூஞ்சை நோய். அது சிறுசிறு பள்ளமான மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தொடங்குவதால் தூரத்துப் படத்தில் வெயில்சூடு போலவே தெரியும். ஆனால் புள்ளிகள் தனித்தனியாகச் சிதறி, நிழல் பக்கத்திலும் இருக்கும். முற்றினால் நடுவில் மிளகைவிடச் சிறிய கருமணிகள் எழும்.

கைபேசிப் படமே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. உச்சிவெயிலில் எடுத்தால் ஈர வளையம் பளபளப்பில் மறைந்து எல்லாமே வெளுத்துத் தெரியும். காலை 9 மணிக்கு முன்போ, குடை பிடித்து நிழல் உண்டாக்கியோ எடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் நீர்த்துளியே நீர்கோத்த திசுவாகத் தோன்றும். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் நிறத்தை ஒப்பிடலாம். தூண் முழுவதும் தெரியும் படம் ஒன்று, காயத்தின் விளிம்பு நெருக்கத்தில் ஒன்று, அதே தண்டின் மறுபக்கம் ஒன்று வேண்டும். மறுபக்கப் படம் இல்லாமல் கருத்துச் சொல்வது ஊகம்தான்.

இனி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் ட்ராகன் தூண்கள். பங்குனிக் கடைசியில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் கிளைகளைக் கழித்துவிட்டார்கள். பத்து நாளில் மேல்வளைவுகள் மஞ்சளாகின்றன. படத்தில் ஈர வளையம் இல்லை, மறுபக்கம் பச்சை, எல்லாத் தூணிலும் ஒரே இடம். இது வெயில்சூடு. நிழலில் பழகிய தண்டை ஒரேயடியாக வெயிலில் விட்டதே காரணம்.

மூன்று வாரம் கழித்துக் கோடை மழை. இப்போது ஒரு தூணில் மட்டும் வெண்தோலின் நடுவே பழுப்புப் புள்ளி. இதற்கு ஒரே படம் போதாது. பழுப்பின் ஓரத்தில் அழியாத மையால் கோடு வரைந்து படம் எடுத்து, மூன்று நாள் கழித்து அதே தூரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். கோட்டுக்குள்ளேயே நின்றால் வெறும் காய்ந்த தோல். கோட்டைத் தாண்டினால் சுட்ட தோலின் வெடிப்பு வழியே அழுகல் நுழைந்திருக்கிறது. விரலால் அழுத்திப் பாருங்கள்: சூடு பட்ட இடம் கெட்டியாக நிற்கும், அழுகியது உள்வாங்கி நீர் கசியும்.

வெயில்சூடு மட்டும் என்றால் வெட்டக் கூடாது. பாதித் தண்டு பச்சையாக இருந்தாலும் அது வேலை செய்கிறது. வெட்டினால் புதுப்புண்தான் மிச்சம். 30 முதல் 50 விழுக்காடு நிழல் வலையை மேலே கட்டலாம், அல்லது லிட்டருக்கு 50 கிராம் கயோலின் களிமண்ணைக் கரைத்து முதுகுப் பக்கம் படியத் தெளிக்கலாம். மழையில் கழுவிப் போனால் மறுபடி தெளிக்க வேண்டும். மரம் கழிப்பதாக இருந்தால் பாதிப்பாதியாக, சில வார இடைவெளி விட்டுக் கழியுங்கள்.

அழுகல் என்றால் காத்திருக்கக் கூடாது. மழையில்லாத காலையில், பழுப்பு முடியும் இடத்திலிருந்து அடித்தண்டின் பக்கமாக 5 சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுநாரைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் அடிப்பக்கமாகப் போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைச் சாராயச் சானிடைசரில் துடைக்காவிட்டால் நோயை அடுத்த தண்டுக்கு நாமே கொண்டுபோகிறோம். வெட்டுவாயில் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் நீர் என்ற அளவில் கலந்த போர்டோ பசையைத் தடவலாம். தூண் ஒன்றிரண்டுக்கு அதே விகிதத்தில் 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர் போதும். வெட்டியதை எருக்குழியில் போடாமல் தோட்டத்துக்கு வெளியே புதைக்க வேண்டும். அடித்தண்டே அழுகியிருந்தால் மேலே உள்ள நல்ல தண்டுகளை நடுநார் வெள்ளையாக இருக்கும் இடத்தில் வெட்டி, நிழலில் ஒரு வாரம் வெட்டுவாய் காயவைத்து, நீர் தேங்காத வேறு மேட்டில் நடலாம்.