நாளந்தாவுக்குச் சோறு போட்டது யார்?

நாளந்தாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் மூன்று எண்கள் தவறாமல் வரும்: பத்தாயிரம் மாணவர்கள், தொண்ணூறு லட்சம் சுவடிகள், ஆறு மாதம் எரிந்த நூலகம். பின்னிரண்டுக்கும் அக்காலத்துச் சான்று ஏதும் இல்லை. முதலாவது, யுவான் சுவாங்கின் சீடர் ஹுய்-லி தம் குருவின் வாழ்க்கையை எழுதும்போது சொன்னது. அங்கேயே பத்தாண்டு தங்கிப் படித்த இன்னொரு சீனப் பயணி இத்சிங், ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், மூவாயிரத்துக்கு மேல் என்றுதான் எழுதுகிறார். எட்டு மண்டபம், முந்நூறு அறை என்பதும் அவர் கணக்கு. மூவாயிரம் பேர் என்றாலே அறைக்குப் பத்துப் பேர். பத்தாயிரம் என்றால் முப்பதைத் தாண்டும்.

தலை எண்ணுவதில் காட்டும் அக்கறையை, அத்தனை தலைக்கும் உலை எங்கே கொதித்தது என்று கேட்பதில் யாரும் காட்டுவதில்லை. பாடத்திட்டமும் வாதமும் அந்தக் கேள்வியிலிருந்துதான் புரியத் தொடங்கும்.

பிக்கு உழக்கூடாது, சமைக்கக்கூடாது, நண்பகலுக்குப் பின் உண்ணக்கூடாது. ஆகவே ஊர்கள் உழுதன. யுவான் சுவாங் காலத்தில் நூறு ஊர்களின் வருவாய் நாளந்தாவுக்கு வந்தது; இத்சிங் காலத்தில் அது இருநூறைத் தாண்டிவிட்டது. நூறு ஊராக இருந்தபோதே அவற்றின் இருநூறு குடும்பங்கள் அன்றாடம் அரிசியும் பாலும் வெண்ணெயும் கொண்டுவந்து இறக்கின. யுவான் சுவாங்குக்கு அளந்த படியில் தினமும் இருபது பாக்கு, இருபது சாதிக்காய், கொஞ்சம் கர்ப்பூரம், ஒரு படி மகாசாலி அரிசி ஆகியவை இருந்தன. கறுப்பு அவரைக்கொட்டை அளவு பருமனும் நல்ல மணமும் உள்ள அந்த அரிசி மகதத்தில் மட்டும் விளைந்தது. அரசருக்கும் பெரும் புலவர்களுக்கும்தான் கிடைத்தது. எல்லாருக்கும் இதே படி என்று நினைத்துவிடக் கூடாது. இது மூத்த அறிஞருக்குரிய மரியாதை.

இந்த ஏற்பாடு ஏட்டில் எப்படி இருந்தது என்பதற்கு நாளந்தாவிலேயே ஒரு செப்பேடு கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, பால மன்னன் தேவபாலன் வெளியிட்டது. சுவர்ணத்தீவு, அதாவது சுமத்ராப் பக்கத்து அரசன் பாலபுத்திரதேவன், நாளந்தாவில் ஒரு விகாரை கட்டிவிட்டு அதற்கு வருவாய் கேட்டுத் தூது அனுப்புகிறான். தேவபாலன் ஐந்து ஊர்களை எழுதிக் கொடுக்கிறான். நான்கு இராசகிருக வட்டாரத்தில், ஒன்று கயை வட்டாரத்தில். செலவினங்களும் அதில் வரிசையாக வருகின்றன: பூசை, பிக்குகளின் உணவு, உடை, படுக்கை, மருந்து, தரும நூல்களைப் படியெடுத்தல், விகாரை இடிந்தால் பழுதுபார்த்தல். கட்டியவன் ஒருவன், ஊர் கொடுத்தவன் வேறொருவன் என்பதைக் கவனியுங்கள். கட்டடம் எழுப்பும் புண்ணியத்தைக் கடல் கடந்த அரசன்கூடத் தேடிக்கொள்ளலாம். ஆனால் மாதா மாதம் நெல் வர, உள்ளூர் மன்னனின் நில உரிமைதான் வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. ஸ்ரீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் இதே அமைப்புதான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல் என்று பெரிய லெய்டன் செப்பேடு குறுணி, நாழி வரை கணக்குச் சொல்கிறது.

ஊரைப் பெற இன்னொரு வழியும் இருந்தது: வாதத்தில் வெல்வது. தென்னாட்டுப் பிராமணப் புலவர் ஒருவர் நாளந்தாவின் தருமபாலரை வாதுக்கு அழைத்து மகதம் வந்தார். தருமபாலரும் காஞ்சிபுரத்துக்காரர்தான், அந்நகரத்து அமைச்சரின் மகன் என்கிறார் யுவான் சுவாங். தருமபாலர் கிளம்பும்போது அவர் மாணவர் சீலபத்திரர், தாம் போவதாகக் கேட்டார். வயது முப்பது, மற்றவர்கள் தயங்கினார்கள், ஆசிரியர் அனுப்பினார். வந்தவர் பதில் சொல்ல முடியாமல் விலகினார். மகிழ்ந்த அரசன் ஓர் ஊரைக் கொடுத்தான். காவி உடுத்தவனுக்கு ஊர் எதற்கு என்று சீலபத்திரர் மறுத்தார். பரிசு இல்லாவிட்டால் அடுத்தவன் எப்படிப் படிக்க முன்வருவான் என்று அரசன் விடவில்லை. கடைசியில் வாங்கி, விகாரை கட்டி, ஊரின் வருவாயை அதற்கே வைத்துவிட்டார். தோற்றாலும் கணக்கு உண்டு. பாடலிபுத்திரத்தில் ஒருமுறை வாதில் தோற்ற பிக்குகள், ஆரியதேவர் வந்து வென்று மீட்கும் வரை, பன்னிரண்டு ஆண்டு விகாரையின் மணியை அடிக்க முடியாமல் இருந்தார்களாம்.

இவ்வளவு பணயம் வைக்கும் ஆட்டத்துக்கு விதி கறாராகத்தான் இருக்கும். அந்த விதியைத் தமிழிலேயே படிக்கலாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சொல்ல வந்தது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். ஒலி நிலையற்றது, உண்டாக்கப்படுவதால், குடத்தைப்போல. கேட்க எளிது, சறுக்கும் இடம் ஏதுவில். "கண்ணுக்குத் தெரிவதால்" என்றால் ஒலிக்கு அது பொருந்தாது என்று இரு கட்சியும் தள்ளிவிடும். "அறியப்படுவதால்" என்றால் நிலையான ஆகாயமும் அறியப்படுகிறதே என்று மடக்குவார்கள். "உண்டாக்கப்படுவதால்" என்ற நல்ல ஏதுகூட, எதிரே இருப்பவர் சாங்கியர் என்றால் செல்லாது. அவர் கொள்கையில் எதுவும் புதிதாக உண்டாவதில்லை, இருந்தது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். உனக்கும் எதிரிக்கும் பொதுவாக ஒப்புதலான காரணத்தை மட்டுமே வைத்து வாதிட வேண்டும். ஆகவே எதிரியின் நூல்களையும் படித்தாக வேண்டும். நாளந்தாவில் வேதமும் சாங்கியமும் படித்ததற்கு இது முக்கியமான காரணம் என்றே கொள்ளலாம்.

சொல்லில் சறுக்கினாலும் தோல்விதான், எனவே அடித்தளம் இலக்கணம். ஆறு வயதில் எழுத்துச் சுவடி, ஆறு மாதம். எட்டு வயதில் பாணினி சூத்திரம், எட்டு மாதத்தில் மனப்பாடம். பதினைந்தில் அதன் உரை, ஐந்தாண்டு. பிறகு ஏது நூல் என்ற தருக்கம். இவை முடித்தவர்கள்தான் நாளந்தாவுக்கோ மேற்கே குஜராத்தில் இருந்த வலபிக்கோ போய் இரண்டு மூன்று ஆண்டு இருந்தார்கள் என்கிறார் இத்சிங். தொடக்கப் பள்ளி முதல் எல்லாம் அங்கேதான் என்பது தவறு. அங்கே போவது தீட்டிக்கொள்ள. வாயிலிலேயே கேள்வி, வெளியிலிருந்து வரும் பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போனார்கள்.

அரசன் கையில் பரிசு இருந்தால் நடுநிலை எங்கே நிற்கும்? கன்னோசியில் ஹர்ஷர் கூட்டிய சபையில் யுவான் சுவாங் தம் கருத்தை எழுதி வாயிலில் மாட்டினார். ஒரு சொல் பிழை என்று காட்டினாலும் தலையைத் தருவதாக அறிவிப்பு. அவருக்கு எதிராகச் சதி என்று கேள்விப்பட்ட ஹர்ஷர், அவரைத் தொட்டால் தலை போகும், இழிவாகப் பேசினால் நாக்குப் போகும் என்று ஆணையிட்டார். பதினெட்டு நாளும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதை வெற்றி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாதமே நடக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

துருக்கர் படையெடுப்பில் ஊர்கள் கைமாறிய பின்? 1235ஐ ஒட்டி அங்கே வந்த திபெத்தியர் தருமசுவாமி, தொண்ணூறு வயது தாண்டிய ராகுலஸ்ரீபத்திரரிடம் எழுபது பேர் படிப்பதைப் பார்த்தார். அவர்களுக்குப் படியளந்தது அரசனல்ல. ஓதந்தபுரியைச் சேர்ந்த ஜெயதேவர் என்ற பிராமண இல்லறத்தார். துருக்கப் படைத்தலைவன் அவரைச் சிறையில் போட்டான். முந்நூறு வீரர்கள் வருகிறார்கள் என்று சிறையிலிருந்தே அவர் சொல்லியனுப்ப, மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தருமசுவாமி கிழவரை முதுகில் சுமந்துபோய் ஒரு கோவிலில் ஒளித்து வைத்தார். கையோடு கொஞ்சம் அரிசியும் கொண்டுபோனார்.