சோலார் போட்டாச்சு, இனி மாசம் ஒருமுறை எதைப் பார்க்கணும்?

மாடியில் சோலார் பலகைகளைப் பொருத்தி, இருவழி மீட்டர் வந்து, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் வாடிக்கையாளர் கையில் ஒரு தாள் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். பலரும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளில் உள்ள சில வரிகள் எதற்காக என்று தெரிந்தால், யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பமும் பாதி தீரும்.

முதல் வரி, மாதம் 1ஆம் தேதி இன்வெர்ட்டரில் `E-Total` என்று காட்டும் எண்ணைக் குறித்து வைப்பது. அது தொடக்கத்திலிருந்து விளைந்த மொத்தம், அதனால் போன மாத எண்ணைக் கழித்தால்தான் அந்த மாத விளைச்சல் தெரியும். மதுரை வெயிலில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் எதிர்பார்க்கலாம். 3 கிலோவாட் என்றால் நாளுக்கு 12, மாதத்துக்கு 360 யூனிட். மழை மாதங்களில் இது குறையும். மே மாதக் கத்திரியிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஏனென்றால் பலகை சூடேற ஏற அதன் திறன் இறங்கும். இந்த விளைச்சலை ஈ.பி. மீட்டரோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம். 12 யூனிட் விளைந்து, பகலிலேயே வீட்டுக்கு 5 செலவானால், ஏற்றுமதிக் கணக்கில் 7தான் ஏறும்.

எண் குறைந்தால் எல்லோரும் முதலில் தூசியைத்தான் சொல்வார்கள். பலகையைக் கழுவ வேண்டியதுதான், அதுவும் விடியற்காலையில். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. நம்ம ஊர் போர் தண்ணீர் அப்படியே காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும், அதனால் வைப்பரால் வழித்து விடுங்கள். ஆனால் குறைவு தூசியாலா இல்லையா என்பதை ஏணியில் ஏறும் முன்பே இன்வெர்ட்டரின் செயலியில் உள்ள அன்றைய விளைச்சல் வரைபடம் சொல்லிவிடும். தூசி என்றால் காலை முதல் மாலை வரை வளைவு முழுவதும் தாழ்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் என்றால் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பள்ளம் விழும். உச்சி நேரத்தில் வெட்டி எடுத்ததுபோல் பூஜ்யத்துக்கு விழுந்து, சில நிமிடங்களில் மீண்டும் ஏறினால், பெரும்பாலும் வோல்டேஜ் கோளாறு.

திருநகர்ப் பக்கம் ஒரு 3 கிலோவாட் வீட்டில் இதுதான் நடந்தது. ஏப்ரலில் 288 யூனிட்தான் வந்தது, அதாவது நாளுக்கு 9.6. பலகையைக் கழுவியும் 10ஐத் தாண்டவில்லை. வரைபடத்தில் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே பல வெட்டுகள். ஞாயிற்றுக்கிழமை அவை இன்னும் அதிகம். அக்கம்பக்கத்துப் பட்டறைகள் மூடியிருக்கும்போது தெருவில் கரண்ட் செலவு குறைந்து வோல்டேஜ் ஏறும் என்பதால் அது பொருந்தியது.

நிரம்பி ஓடும் வாய்க்காலில் கிணற்று நீரை விட வேண்டுமானால், விடுகிற இடத்தில் மட்டம் சற்று உயர வேண்டும். இன்வெர்ட்டரும் அப்படித்தான், லைன் வோல்டேஜைவிடக் கொஞ்சம் உயர்த்தித்தான் மின்சாரத்தை வெளியே தள்ளும். 230 வோல்ட்டுக்கு மேல் 10 சதவீதம், அதாவது 253ஐத் தாண்டினால் அது தன்னை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதி. அதனால் இது இன்வெர்ட்டரின் பழுதில்லை.

யார் பொறுப்பு என்று அறிய இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அளந்தோம். மீட்டர் பக்கம் 245, இன்வெர்ட்டர் முனையில் 252. வெயில் இன்னும் கொஞ்சம் ஏறினால் 253ஐத் தாண்டிவிடும். அங்கே போட்டிருந்த கேபிளில் 11 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அளவுக்குத்தான் வித்தியாசம் வர வேண்டும், ஆனால் வந்தது 7. மிச்சம் 5 வோல்ட்டை 11 ஆம்பியரால் பெருக்கினால் 55 வாட். எங்கோ ஓரிடத்தில் அவ்வளவும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கர் பெட்டியைத் திறந்தால் ஒரு டெர்மினல் திருகு தளர்ந்து, வயரின் மேலுறை பழுப்பேறியிருந்தது. கருகிய நுனியை வெட்டி, திருகை நன்றாக இறுக்கியபின் நாள் சராசரி 11.8க்கு வந்தது.

ஆகவே வோல்டேஜ் வித்தியாசம் உள்ளேயே வந்தால் பொருத்தியவரைக் கூப்பிடுங்கள். மீட்டர் பக்கமே 250ஐத் தாண்டி நின்றால் உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் டேப் மாற்றி வோல்டேஜை இறக்குவது அவர்கள் வேலை. மின்னகம் எண் 94987 94987இலும் புகார் பதியலாம். மீட்டர் திரை அணைந்திருந்தாலும் அவர்கள்தான். மீட்டரில் வைத்த சீலை நீங்களும் தொடக் கூடாது, நாங்களும் தொடக் கூடாது.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்று யாருக்கும் போன் போட வேண்டாம். கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடாமல் இருக்கவே அது நிற்கிறது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மழைக்குப் பின் `Isolation Fault` என்று வந்தால் எங்கோ வயரிலிருந்து பூமிக்குக் கசிவு இருக்கலாம். ஏசி பிரேக்கரை முதலில் இறக்கி, பிறகு டிசி சுவிட்சை அணைத்து, எங்களைக் கூப்பிடுங்கள். அதுவரை மாடியில் பலகையையோ அதன் இரும்புச் சட்டத்தையோ தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தாலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பலகையிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.