கிரியேட்டின்: நைஸ் பொடிக்குக் கூடுதல் காசு கொடுக்கணுமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஜிம்முக்குப் போகிற பையன்கள், தசை வலுவுக்காக எடுக்கும் கிரியேட்டின் பொடியைப் பற்றி இப்போது அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அக்கா, சாதாரண கிரியேட்டின் அடியில் மணல் மாதிரி தங்கிடுது. மைக்ரோனைஸ்டு வாங்கினா உடம்புல நல்லா பிடிக்குமா?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டு டப்பாவிலும் இருப்பது ஒரே பொருள், கிரியேட்டின் மோனோஹைட்ரேட். மைக்ரோனைஸ்டு என்றால் அதையே இன்னும் நைசாக அரைத்தது. பெரும்பாலும் 200 மெஷ் என்று சல்லடை அளவைப் போட்டிருப்பார்கள். அதாவது துகள் ஏறக்குறைய 75 மைக்ரான். சாதாரணப் பொடி 80 மெஷ் அளவில் வரும், துகள் 180 மைக்ரான் வரை இருக்கும்.

நைசாக அரைத்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும், அதனால் சீக்கிரம் கரையும். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் மொத்தத்தில் எவ்வளவு கிரியேட்டினைக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பது அரைப்பில் இல்லை, தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 4 டிகிரியில் சுமார் 6 கிராம்தான் கரைக்கும். 20 டிகிரியில் 14 கிராம், 50 டிகிரியில் 34 கிராம் வரை கரைக்கும்.

இந்தக் கணக்கை வைத்து, கேள்வி கேட்ட ஒரு தம்பியின் பழக்கத்தைப் பார்த்தோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் 150 மில்லி, அதில் 5 கிராம் பொடி, ஷேக்கரில் நாலு குலுக்கு, ஒரே மடக்கு. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கரையக்கூடியது ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 4 கிராம் துகளாகவே நிற்கும். சாதாரணப் பொடியில் அது சட்டென்று அடியில் இறங்கிவிடும். அவர் மேலாகக் குடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் குழாயடியில் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் போய்ச் சேராதது அந்தப் பங்குதான்.

நைஸ் பொடியாக இருந்திருந்தால்? அதே தண்ணீரில் அதுவும் அதே ஒரு கிராம் அளவுதான் கரையும். ஆனால் மீதித் துகள்கள் மெதுவாக இறங்கும், கொஞ்ச நேரம் பால் மாதிரி கலங்கலாக மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் குடித்துவிடுவதால் முழு அளவும் வயிற்றுக்குப் போகும். நாக்கில் நறநறப்பும் இருக்காது. கலங்கிய தண்ணீரைப் பார்த்து "நல்லா கரைஞ்சிடுச்சு" என்று நினைக்கிறோம், அவ்வளவே. அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், அதுவும் அடியில் படியும்.

கரையாமல் விழுங்கினால் வீணா என்றால், இல்லை. வயிற்றில் 37 டிகிரி சூடு இருக்கிறது, அங்கே சுரக்கும் நீரும் சேர்கிறது. வாயில் துகளாக இருந்தது உள்ளே கரைந்துவிடும். வழக்கமான 3 முதல் 5 கிராம் அளவில் மோனோஹைட்ரேட் ஏறக்குறைய முழுமையாகவே உறிஞ்சப்படுகிறது. அதனால் தசையில் சேரும் அளவைப் பொறுத்தவரை நைஸ் பொடிக்குத் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. வயிற்றைக் கலக்கிப் பேதியாவதும் பெரும்பாலும் ஒரே வேளையில் 10 கிராம் போல எடுப்பதால்தான். அதற்கு அளவைப் பிரித்து எடுப்பதே வழி.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருக்கும் சீரக வெள்ளத்தை, அதாவது சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை. குடிக்கிற சூட்டில் ஒரு பெரிய டம்ளர், 250 மில்லி, எடுத்து 5 கிராம் போட்டு ஒரு நிமிடம் கலக்கினால் சாதாரணப் பொடியே ஏறக்குறைய முழுக்கக் கரைந்துவிடும். அப்போதே குடித்துவிட வேண்டும். ஆறினால் கொஞ்சம் திரும்பப் படியும். நாள்கணக்கில் கரைத்து வைத்தால் 'கிரியேட்டினின்' என்ற வேறொரு கழிவுப்பொருளாக மாறிக்கொண்டே போகும், எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இன்னும் வேகமாக. கடைசியில் அடியில் ஏதாவது இருந்தால் இரண்டு வாய் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்துவிடச் சொன்னேன். புது டப்பா வாங்காமல் பழையதையே முடித்தார்.

இதே கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். மோனோஹைட்ரேட் மட்டும் என்று எழுதிய பொடி, 5 கிராம் போட்டதும் 150 மில்லி ஐஸ் தண்ணீரில் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கரைந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். சர்க்கரை வகை எதுவோ கலந்திருக்கலாம், அல்லது வேறு கிரியேட்டின் உப்பாக இருக்கலாம். படிவது இந்தப் பொருளின் இயல்பு. ஆனால் படிந்தால் மட்டும் அசல் என்றும் சொல்லிவிட முடியாது.

நறநறப்பு பிடிக்காதவர்கள், குளிர்ந்த தண்ணீரில்தான் குடிப்பேன் என்பவர்கள் நைஸ் பொடி வாங்கலாம், தப்பில்லை. வாங்கினால் பழைய டப்பாவின் ஸ்கூப்பை இதற்குப் போடாதீர்கள். அரைப்பு மாறினால் ஒரு ஸ்கூப்பில் பிடிக்கும் எடையும் மாறும். கிராம் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, எந்தக் கோடு வரை 5 கிராம் என்று ஸ்கூப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பொடியானாலும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க அளக்கும் 'கிரியேட்டினின்' என்ற அந்தக் கழிவுப்பொருளின் அளவு அதனாலேயே கொஞ்சம் கூடித் தெரியலாம்.