கடைசி 5 மில்லிகிராம்

கூடலூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். தேனி மாவட்டக் கூடலூர். விடியற்காலை ஜீப் ஏறி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்புகிறவர். போன மழையில் அவருக்கு மூச்சிரைப்பு வந்து, குமுளியில் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 40 மில்லிகிராம் என்று 5 நாளைக்குக் கொடுத்து, ஆறாம் நாள் அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டார். அவருடைய மாமனாருக்குத் தோலில் கொப்புளம் வரும் பெம்ஃபிகஸ் நோய். அவருக்கும் அதே மாத்திரை, அதே 40. ஆனால் 4 மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 10க்கு வந்திருக்கிறார்கள். தோல் சுத்தமாகிவிட்டது, மாத்திரையால் சுகரும் ஏறுகிறது என்று சொல்லி, பெரியவர் ஒரு நாள் தானாகவே நிறுத்திவிட்டார். ஒரு வாரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, எழுந்து நின்றால் கண் இருட்டல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது மேல் பிரஷர் 80. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். சாயங்காலம் காப்பி கேட்டாராம்.

"அண்ணா, நான் 40லிருந்து ஒரே நாளில் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. அவர் வெறும் 10லிருந்து நிறுத்தினார், சாகக் கிடந்தார். இது எப்படி?" என்பதுதான் கேள்வி. பதில் மில்லிகிராமில் இல்லை, மாதங்களில் இருக்கிறது.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் சுரக்கின்றன. பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது, சாப்பிடாத நேரத்தில் சர்க்கரையைக் காப்பது, காய்ச்சலைச் சமாளிப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பிரெட்னிசோலோன் அதன் வலுவான நகல். ஒரு நாளைக்கு உடம்பே சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். ஆக 40 என்பது எட்டு மடங்கு.

இந்தச் சுரப்பி தானாக வேலை செய்யாது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அதை ஏவ வேண்டும். பிட்யூட்டரியும் அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸும் ரத்தத்தில் கார்ட்டிசோல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நிறைய இருந்தால் ஏவலை நிறுத்திவிடும். மாத்திரையில் வந்ததா, சுரப்பியில் வந்ததா என்று அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் நிறைந்து வரும்போது கிணற்று மோட்டாரை யாரும் போடுவதில்லை. ஐந்து நாள் போடாவிட்டால் ஒன்றுமில்லை, சுவிட்சைத் தட்டினால் ஓடும். நாலு மாதம் கிடந்தால் துரு ஏறி இறுகிவிடும். வாய்க்கால் திடீரென்று வற்றிய அன்றைக்குத்தான் அது தெரியவரும். சுரப்பியில் துருவைவிட மோசமான ஒன்று நடக்கிறது. ஏ.சி.டி.எச். வேலை வாங்குவதற்கு மட்டுமல்ல, சுரப்பியின் சதையை வளர்த்து வைப்பதற்கும் அதுதான் தீனி. அது வராவிட்டால் கார்ட்டிசோல் சுரக்கும் அடுக்கு மெலிந்து சுருங்கிவிடும். நாலு மாதத்துக்குப் பின் மாமனாரின் அட்ரினல் இருந்த நிலை அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், அது திரும்பி எழும் விதம். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு போதுமான அளவு குறைந்ததும் முதலில் விழிப்பது மேலிடம். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.ஐ அனுப்பத் தொடங்கும். கீழே பதில் வராது. இன்னும் அனுப்பும். சில பேருக்கு அது வழக்கமான அளவையும் தாண்டிவிடும், ரத்தத்தில் கார்ட்டிசோல் மட்டும் தரையில் கிடக்கும். இத்தனை கத்தலுக்கும் சதை மெதுவாகத்தான் வளரும். வாரங்கள், பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும்.

இதனால்தான் டாக்டர்கள் மேலே வேகமாகவும் கீழே ஆமையாகவும் குறைக்கிறார்கள். 40லிருந்து 30க்கு இறங்கினாலும் பிட்யூட்டரிக்கு அது வெள்ளம்தான், அது கண் திறக்காது. அந்தப் படிகளில் டாக்டர் கவனிப்பது, நோய் திரும்புகிறதா என்பதை. 5ஐ நெருங்கும்போதுதான் பற்றாக்குறை தொடங்கி ஏவல் பிறக்கிறது. அதற்குப் பின் மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் என்று இறக்குவது, சுரப்பி வளர அவகாசம் கொடுக்கத்தான். மாமனார் நிறுத்தியது 10ல். அவருடைய பிட்யூட்டரி அதுவரை விழிக்கவே இல்லை.

தங்கைக்கு 5 நாள்தான். 3 வாரத்துக்குக் குறைவான கோர்ஸில் சுரப்பி மெலிய நேரமில்லை, பொதுவாகப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் வருடத்தில் பல தடவை இப்படி 5 நாள் கோர்ஸ் எடுக்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவும் கூடிக்கொண்டே போகும்.

அவருக்கு வேறு ஒரு தொல்லை. அதிகாலை ஜீப் அவசரத்தில் மாத்திரையை மறந்து, ராத்திரி சோற்றுக்குப் பின் போட்டிருக்கிறார். தூக்கமே இல்லை. ராத்திரி 2 மணிக்குப் பாத்திரம் விளக்கியிருக்கிறார், காரணமில்லாமல் சிரித்திருக்கிறார், கணவரிடம் எரிந்து விழுந்திருக்கிறார். மேட்டுப் பாதையில் எதையோ மிதித்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொன்னார்களாம். மந்திரித்தார்கள், ஆறாம் நாள் சரியாகிவிட்டது. மாத்திரை முடிந்ததும் அதே நாள்தான்! மந்திரித்தவருக்குக் கோழி போனதுதான் மிச்சம்.

கார்ட்டிசோல் விடியலின் ஹார்மோன். விழிக்கும் நேரத்தில் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். அந்த அடிமட்ட நேரத்தில் 40 மில்லிகிராம் போட்டால் மூளைக்கு விடிந்துவிட்டது. காலைச் சாப்பாட்டோடு போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மனக் கலக்கம் டோஸைப் பொறுத்தது. பாஸ்டனில் 1972ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 40 வரை எடுத்தவர்களில் 100க்கு ஒருவர் போலக் கடுமையான மனநிலை மாற்றம், 80க்கு மேல் எடுத்தவர்களில் 100க்கு 18 பேர். தூங்காமலே தெம்பாகத் திரிவது, யாரோ தனக்கு எதிராகச் செய்கிறார்கள் என்று பேசுவது தெரிந்தால் மந்திரிக்காமல் டாக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

மாமனாரின் சுகருக்கும் கடிகாரம் உண்டு. காலை வெறும் வயிற்றில் 104. வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள். வேறு வேலையாகப் போனபோது சாயங்காலம் 4 மணிக்குக் குத்திப் பார்த்தால் 290! காலையில் போட்ட மாத்திரை கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது, தசைகள் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதைக் குறைக்கிறது. மதியச் சாப்பாடு அதன் மேல் விழுகிறது. ராத்திரி மருந்து ஓய, விடியும்போது எண் நல்ல பிள்ளையாகிவிடும். ஸ்டீராய்டு எடுப்பவர் வெறும் வயிற்று டெஸ்ட் மட்டும் எடுத்தால் ஏமாறுவார். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ராத்திரி இன்சுலினைத் தானாகக் கூட்டினால் விடியற்காலையில் சுகர் இறங்கி மயக்கம் வரலாம்.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. மூட்டு வலிக்கும் இரைப்புக்கும் லேபிள் இல்லாத பொட்டலத்தில் விற்கும் சில 'மூலிகைப் பொடி'களில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. அதைத் தின்று முகம் உப்பியவர், பணமில்லாமல் நிறுத்தினால் மாமனார் கிடந்த கட்டிலிலேயே கிடப்பார். என்ன தின்றார் என்று சொல்லக்கூட அவருக்குத் தெரியாது.

பெரியவர் இப்போது 4 மில்லிகிராமில் இருக்கிறார். அடுத்த மாதம், அன்றைய மாத்திரைக்கு முன் காலை 8 மணிக்குக் கார்ட்டிசோல் பார்க்கிறார்கள். 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது, 5க்குக் கீழே என்றால் மாத்திரை தொடரும். அதுவரை காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டும்படியும், வாந்தி நிற்காவிட்டால் ஊசிக்கு ஓடும்படியும் டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவரின் சட்டைப் பையில் 'ஸ்டீராய்டு எடுப்பவர், நிறுத்தக் கூடாது' என்று ஒரு சீட்டு இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மயங்கி விழுந்தால் எந்தப் பக்கம் விழுவாரோ, யாருக்குத் தெரியும்?