போர்ட்டைத் திறந்தும் நண்பன் உள்ளே வர முடியாதது ஏன்?

வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓடுகிறது. அதே வைஃபையில் இருக்கும் தம்பி நுழைந்துவிடுகிறான். வெளியூர் நண்பனுக்கு மட்டும் `Connection timed out`. தம்பியால் நுழைய முடிகிறது என்றால் சர்வர் சரியாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் ரௌட்டரில்தான் சிக்கல்.

வீட்டுக் கருவிகள் வெளியே எதையாவது கேட்கும்போது, எது எந்தப் போர்ட்டிலிருந்து கேட்டது என்று ரௌட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அதைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்பும். இதுதான் நாட். நண்பனின் இணைப்போ யாரும் கேட்காமல் வருவது. அட்டவணையில் அதற்கு வரியே இல்லாததால், ரௌட்டர் பெரும்பாலும் பதிலே சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த வரியை நாமே கையால் எழுதிவைப்பது:

```
TCP 25565 -> 192.168.1.20:25565
```

கணினியின் உள் முகவரி நாளைக்கு மாறினால் இந்த வரி வீண். அதனால் உள் முகவரிகளை வழங்கும் ரௌட்டரின் டிஹெச்சிபி பகுதியில் அதை முதலில் நிலைப்படுத்திவிடுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலிலும் ஜாவாவை அனுமதிக்க வேண்டும். சோதிப்பதை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே சொந்த வெளி முகவரியை அழைத்தால் பல ரௌட்டர்கள் திருப்பி விடுவதில்லை. சர்வர் ஓடாத நேரத்தில் போர்ட் சோதிக்கும் தளங்கள் 'மூடியிருக்கிறது' என்றுதான் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையா? ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிப்பக்க முகவரியான WAN IP என்ன என்று பாருங்கள். உண்மையில் முதலிலேயே பார்க்க வேண்டியது இதைத்தான். அங்கே 100.72.15.8 என்று இருந்து, 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் வேறொன்றைச் சொன்னால், நீங்கள் சிஜிநாட், அதாவது இணையச் சேவை நிறுவனமே நடத்தும் நாட் அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரிகள் போதாததால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை நிறுவனம் கொடுக்கிறது. நண்பனின் இணைப்பு நிறுவனத்தின் நாட் அமைப்பிலேயே நின்றுவிடும். உங்கள் ரௌட்டரில் எழுதிய வரி வரைக்கும் அது வருவதே இல்லை. ரௌட்டர் அமைப்புகளில் யுபிஎன்பி, டிஎம்ஜெட் என எதைத் தட்டினாலும் பலனில்லை. WAN IP 192.168 என்று தொடங்கினால் கதை வேறு. பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டாவது ரௌட்டர் ஒன்று இருக்கும், அதை நாட் செய்யாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் போதும்.

சிஜிநாட்டுக்கு நேரான தீர்வு, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்குவது. பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. நாலைந்து நண்பர்கள்தான் என்றால் அந்தச் செலவு தேவையில்லை என்பேன். தொலைவில் உள்ள கணினிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை எல்லோரும் நிறுவிக்கொண்டால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே பாக்கெட் அனுப்பும். இரு பக்க அட்டவணைகளிலும் வரி தானாக விழுந்துவிடும். சில நாட் அமைப்புகளில் இது பலிக்காது. அப்போது இடையில் உள்ள சர்வர் வழியாக இணைப்பு சுற்றிப் போகும், பிங் கூடும்.