மூன்றாம் நாள் எந்தக் கிழமை? நாய்க்கடி ஊசி நாட்களைத் தமிழில் எண்ணுவது பற்றி

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலையில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து அறுபது வயதைக் கடந்த ஓர் அப்பத்தா, மருமகளுடன் எங்கள் ஊசி அறைக்கு வந்தார். ஊருணிக் கரையில் தெருநாய் கடித்ததில் அவருடைய கெண்டைக்காலில் இரத்தம் வரும் அளவுக்குப் பல் பதிந்திருந்தது. மார்ச் 4, செவ்வாய்க்கிழமை வேறொரு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டிருந்தார்கள். புண்ணைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் அன்றே கொடுத்திருந்தார்கள். மார்ச் 7, வெள்ளியன்று இரண்டாம் தடவையும் சரியாகப் போட்டாயிற்று. மூன்றாம் தடவைக்கு அவர் வந்திருக்க வேண்டிய நாள் மார்ச் 11, செவ்வாய். மூன்று நாள் தாமதமாகிவிட்டது.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஓர் ஆங்கில எழுத்தும் அதன் அருகே 0, 3, 7, 28 என்ற எண்களும் மட்டும் இருந்தன. தேதி இல்லை, கிழமையும் இல்லை. மருமகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், மாமியாரை அக்கறையோடு கூட்டி வருகிறவர். "மூனு, ஏழு, இருபத்தெட்டுன்னு போட்டிருந்துச்சு சிஸ்டர். அதான் மூனு நாள் கழிச்சு ஒன்னு, அதுக்கப்புறம் ஏழு நாள் கழிச்சு ஒன்னுன்னு வந்தோம். அடுத்தது இன்னும் இருபத்தெட்டு நாள் கழிச்சுத்தானே?" என்று கேட்டார். அவர் கணக்குப்படி கடைசி ஊசி ஏப்ரல் 11-இல் வரும். அட்டவணைப்படி அது ஏப்ரல் 1-ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எண்களை மட்டும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்கிற எங்கள் துறையின் வழக்கத்தின் மேல்தான் கோபம். இதே பிழையோடு ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே, அந்த எண்களுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதை இங்கே முழுமையாக எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் இடைவெளிகள் அல்ல. நான்கும் ஒரே இடத்திலிருந்து, அதாவது முதல் ஊசி போட்ட நாளிலிருந்து, எண்ணப்படுகின்றன. நாய் கடித்த நாளிலிருந்தும் எண்ணக் கூடாது. ஞாயிறு இரவு கடித்து, செவ்வாய்க்கிழமைதான் முதல் ஊசி போட்டீர்கள் என்றால், பூஜ்ஜியம் என்பது செவ்வாய்க்கிழமை. (இதைப் படித்துவிட்டு, இரண்டு நாள் தாமதிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடித்த அன்றே வர வேண்டும். தாமதமாகிவிட்டாலும், இனி என்ன பயன் என்று இருந்துவிடாமல் வர வேண்டும்.)

இரண்டாவது குழப்பம் இன்னும் ஆழமானது. அது நம் மொழியின் எண்ணும் வழக்கத்திலிருந்தே வருகிறது. நாம் தொடங்கும் நாளை ஒன்று என்று எண்ணுகிறவர்கள். அடுத்த வாரத்தின் இதே கிழமையை "இன்றைக்கு எட்டாம் நாள்" என்கிறோம். இரண்டு வாரத்தைப் "பதினைந்து நாள்" என்கிறோம். பிள்ளையார் நோன்புக்கு இழை எண்ணுகிற நம் வீடுகளில் முதல் இழை ஒன்றுதான். பூஜ்ஜியமாவது இழை என்று ஒன்று கிடையாது. அப்படி எண்ணிப் பழகிய ஒருவரிடம், செவ்வாயன்று ஊசி போட்டுவிட்டு "மூன்றாம் நாள் வாருங்கள்" என்றால், அவர் செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் விட்டு எண்ணி வியாழக்கிழமையே வந்து நிற்பார். அவர் எண்ணியதில் தவறில்லை. "ஏழாம் நாள்" என்றால் அவருக்குத் திங்கட்கிழமை. நாங்கள் நினைத்ததோ வெள்ளியும் அடுத்த செவ்வாயும். நம் எண்ணும் முறைப்படி சொல்வதானால் அவை நான்காம் நாள், எட்டாம் நாள், இருபத்தொன்பதாம் நாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அட்டையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகச் சொன்னால் குழப்பம் இன்னும் கூடும்.

இதற்கு நான் கண்டுகொண்ட எளிய வழி, நாளை விட்டுவிட்டு இரவை எண்ணச் சொல்வது. முதல் ஊசிக்குப் பிறகு எத்தனை இரவு கழிந்திருக்கிறது என்பதே அந்த எண். செவ்வாய் பகலில் ஊசி. செவ்வாய் இரவு, புதன் இரவு, வியாழன் இரவு ஆகிய மூன்று இரவு தூங்கி எழுந்தால் வெள்ளி. ஏழு இரவு கழிந்தால் அடுத்த செவ்வாய். இருபத்தெட்டு இரவு என்பது சரியாக நான்கு வாரம். ஆகவே அதுவும் செவ்வாய்தான். முதல், மூன்றாவது, கடைசி ஆகிய மூன்று தடவையும் எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும் என்பதை நினைவில் வைத்திருந்தால், அட்டையில் தவறு நேர்ந்திருந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். "ஒரு மாதம் கழித்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதம் முப்பது நாளாகவும் முப்பத்தொன்றாகவும் மாறும், நான்கு வாரம் மாறாது.

அடுத்து, எண்ணிக்கையில் நேரும் இன்னொரு பிழை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறையே நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மேற்கையிலும் தலா 0.1 மில்லி, ஆக இரண்டு குத்து. "மொத்தம் நாலு ஊசி" என்று யாரோ சொன்னதைக் கேட்டவர், இரண்டு தடவை வந்து நான்கு குத்து வாங்கியதும், முடிந்தது என்று நின்றுவிடுகிறார். முடியவில்லை. அது நான்கு ஊசி அல்ல, நான்கு தடவை. குத்து என்று பார்த்தால் எட்டு. அதனால் நான் "ஊசி" என்ற சொல்லை எண்ணிக்கைக்குப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டு, "நான்கு தடவை வர வேண்டும்" என்று மட்டும் சொல்கிறேன்.

தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள். அதில் ஒரு தடவைக்கு ஒரு குத்து. 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தடவை. ஒரே வளவில் இரண்டு வீட்டாருக்கு இரண்டு விதமான அட்டை இருக்கும்போது, "எங்களுக்குப் பதினாலு இல்லையே, உங்களுக்கு ஏன்?" என்ற பேச்சில் பதினான்காம் நாள் ஊசி நின்றுபோன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அட்டை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அட்டையில் பதினான்கு இருந்தால், முதல் ஊசி போட்ட அதே கிழமையில், இரண்டு வாரம் கழித்துப் போட்டே ஆக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி நம் நாட்டில் நின்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதை நினைத்து இன்னும் பயப்படுகிற பெரியவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

அந்த அப்பத்தாவின் கதைக்கு வருகிறேன். நாள் தவறியதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதே முறை. மருத்துவரிடம் கேட்டு, அன்றைக்கே மூன்றாம் தடவையைப் போட்டோம். ஏழாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையே இருக்க வேண்டியது 21 நாள். அதைக் குறைக்காமல் கடைசித் தடவையை ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை என்று குறித்தோம். தவறிய நாளுக்காகத் திட்டுவார்களோ என்று அஞ்சி வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. தாமதமானால் அன்றே வாருங்கள். யார் திட்டினாலும் ஊசியைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

புரத மருந்துக்கு மட்டும் வேறு கணக்கு. பல் பதிந்து இரத்தம் வந்த காயம் என்றால், அதை முதல் தடுப்பூசி போடும் அன்றே காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். அங்கே இருப்பு இல்லையென்றால், அது இருக்கிற மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குப் பிறகு அதைக் கொடுப்பதில்லை. அதற்குள் உடலே எதிர்ப்புச் சக்தியை உருவாக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் அந்த முதல் வாரத்தில் காயத்தின் அருகே கிருமியைத் தடுக்க இந்த மருந்தை விட்டால் வேறொன்றும் இல்லை. டி.டி. ஊசி இதற்கு மாற்று அல்ல. அது வேறு நோய்க்கானது.

நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்பதும் தவறு. நாயைக் கவனியுங்கள், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். பத்தாம் நாள் நாய் நலமாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதித் தடவைகளைப் பற்றி அவர் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

கிழமையில் ஒரு சிக்கல் உண்டு. வியாழக்கிழமை தொடங்கினால், மூன்று இரவு கழித்து வரும் இரண்டாம் தடவை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் மூன்று தடவை ஞாயிறு. புறநோயாளிப் பிரிவு மூடியிருக்கும் என்று திங்களுக்குத் தள்ளிவிடாமல், ஞாயிறன்று எங்கே போடுவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுவிட்டு எழுந்திருங்கள். படைப்புக்கும் திருவிழாவுக்கும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஊருக்கு வந்து கடிபட்டவர்கள் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மீதித் தடவைகளை அங்கே உள்ள அரசு மருத்துவமனையிலேயே தொடரலாம்.

அன்று அப்பத்தாவின் அட்டையில் பழைய எண்களுக்குக் கீழே நான் தமிழில் எழுதிக் கொடுத்தது இது. தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்க வேண்டுமோ, அதையும் சேர்த்தே எழுதினேன். மருமகள் அடுத்த முறை வேறு யாருக்காவது கணக்குச் சொல்ல உதவும்.

முதல் தடவை: மார்ச் 4, செவ்வாய்.
இரண்டாம் தடவை: மார்ச் 7, வெள்ளி (மூன்று இரவு கழித்து).
மூன்றாம் தடவை: மார்ச் 11, அடுத்த செவ்வாய். (வந்தது: மார்ச் 14, வெள்ளி.)
நான்காம் தடவை: ஏப்ரல் 1, முதல் தடவையிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் செவ்வாய். (மாற்றிய நாள்: ஏப்ரல் 4, வெள்ளி.)

மருமகள் வீட்டுக்குப் போய்த் தினசரி காலண்டரில் ஏப்ரல் 4-ஆம் தேதித் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை காலையில், கிழித்த அந்தத் தாளை அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பத்தா வரிசையில் நின்றிருந்தார்.