எத்தனை தடவை வந்தால் அது பேனிக் டிசார்டர்?

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் தங்கைக்கு மூன்று மாதத்தில் இரண்டு தடவை பேனிக் அட்டாக் வந்துவிட்டது. முதல் தடவை மாரடைப்போ என்று பயந்து அவசர சிகிச்சைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனால் மனநல மருத்துவர், ‘இப்போதைக்கு இதைப் பேனிக் டிசார்டர் என்று சொல்ல மாட்டேன்’ என்கிறார். இன்னும் எத்தனை தடவை வந்தால் சொல்வாராம்?”

கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த மருத்துவர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஓர் அட்டாக்குக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் அவர் கேட்டிருப்பார்.

அட்டாக் என்றால் என்ன என்பது பலருக்கும் தெரிந்ததே. திடீரென்று அட்ரினலின் பாய்கிறது, இதயம் படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. ‘செத்துப்போகப் போகிறேன்’ அல்லது ‘பைத்தியம் பிடிக்கப்போகிறது’ என்று தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல வடிகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 இப்படிப் பதின்மூன்று அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் குறைந்தது நான்கு சேர்ந்து வந்தால் அது பேனிக் அட்டாக்.

ஆனால் அட்டாக் மட்டும் ஒரு நோயின் பெயர் ஆகாது. மனச்சோர்வில் அது வரலாம், மேடைக் கூச்சத்தில் வரலாம், நாயைக் கண்டு நடுங்குபவருக்கு நாயைப் பார்த்ததும் வரலாம், எந்த நோயும் இல்லாதவருக்கும் வரலாம். பேனிக் டிசார்டர் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். முதலாவது, எதிர்பாராத அட்டாக் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்திருக்க வேண்டும். எதிர்பாராத என்றால், இன்னதைக் கண்டு பயந்தேன் என்று காட்ட எதுவும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூங்கும்போதோ வருவது. இரண்டாவது, அவற்றில் ஒன்றுக்குப் பிறகாவது குறைந்தது ஒரு மாத காலம், ‘மறுபடி வந்துவிடுமோ, வந்தால் என்ன ஆகும்’ என்ற கவலை விடாமல் தொடர வேண்டும், அல்லது அதைத் தவிர்ப்பதற்காக வாழ்க்கை முறை கெடும் அளவுக்கு நடவடிக்கைகள் மாற வேண்டும். இதற்கு மேல், தைராய்டு மிகையாகச் சுரப்பது, இதயத் துடிப்புக் கோளாறு, போதைப்பொருள், வேறு மனநலக் கோளாறு ஆகிய எதுவும் காரணமில்லை என்று உறுதியாக வேண்டும்.

பல நாடுகளில் நடந்த உலக மனநல ஆய்வுகளின் தொகுப்பு 2016-இல் வெளிவந்தது. அதன்படி வாழ்நாளில் ஒரு தடவையாவது பேனிக் அட்டாக் கண்டவர்கள் 13.2 சதவீதம். பேனிக் டிசார்டர் கண்டவர்கள் 1.7 சதவீதம்தான். அதாவது அட்டாக் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோய்க்குள் போவதே இல்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அட்டாக் திரும்ப வந்திருக்கிறது.

இரண்டு கற்பனை மனிதர்களை வைத்துப் பார்க்கலாம். மாறனுக்கு ஓர் ஆண்டில் மூன்று அட்டாக். மூன்றும் மேடையேறிப் பேச வேண்டிய நாட்களில், பேச்சுக்குச் சற்று முன்னால். மற்ற நாட்களில் அவருக்கு அந்த நினைவே இல்லை. கவிதாவுக்கு இரண்டே அட்டாக். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, இன்னொன்று பதினைந்து நாள் கழித்து நள்ளிரவில் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியது. ஈசிஜி, தைராய்டு பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு ஆறு வாரமாக அட்டாக் எதுவும் வரவில்லை. ஆனால் கவிதா மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார், காபியை நிறுத்திவிட்டார், தனியாகப் பயணம் போவதில்லை, மணிக்கட்டில் நாடியை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார், பையில் அவசரத்துக்கென்று ஒரு மாத்திரை இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. மூன்று தடவை வந்த மாறனுக்குப் பேனிக் டிசார்டர் இல்லை. அவருடைய மேடை பயத்துக்கு வேறு பெயரில் உதவி தேவைப்படலாம். இரண்டே தடவை வந்து ஆறு வாரமாக ஒன்றும் வராத கவிதாவுக்கு இருக்கிறது. அதே இரண்டு அட்டாக்குக்குப் பிறகு கவிதா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு வழக்கம்போல இருந்திருந்தால், அவருக்கும் அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

இந்த ஆறு வாரத்தில் கவிதாவின் உடலுக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நாய் கடித்தவர் நாயைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்கிறார். கவிதாவின் முதல் அட்டாக்கில் எதிரே எதுவும் இல்லை. அந்த நேரத்தில் மூளைக்கு அடையாளமாகக் கிடைத்தவை உடலுக்குள் எழுந்த உணர்வுகள் மட்டுமே: இதயம் ஒரு கணம் துள்ளியது, மூச்சு சற்று முட்டியது, தலை லேசாகக் கிறுகிறுத்தது. ஆகவே மூளை பயப்படக் கற்றுக்கொண்டது அவற்றைக் கண்டுதான். நாயென்றால் தெருவை மாற்றிக்கொள்ளலாம். இதயத் துடிப்பை எங்கே விட்டுவிட்டு ஓடுவது? படியேறினால் துடிக்கும், கோபம் வந்தால் துடிக்கும், சிரித்தாலும் துடிக்கும்.

இங்கே வட்டம் தொடங்குகிறது. லேசான துடிப்பு கேட்கிறது. ‘இது மாரடைப்பின் தொடக்கம்’ என்று மனம் அர்த்தம் கொடுக்கிறது. அந்த எண்ணமே அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. அதனால் துடிப்பு கூடுகிறது. கூடிய துடிப்பு, எண்ணத்துக்கு ஆதாரமாகிறது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இந்த வட்டத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார். அட்டாக்கைப் பெரிதாக்குவது உணர்வு மட்டுமல்ல, அதற்கு நாம் கொடுக்கும் பேரழிவு அர்த்தமும்தான் என்பது அவர் வாதம்.

வாதம் சரி, சோதித்துப் பார்ப்பது எப்படி? 1988-இல் ஆங்கே ஏலர்ஸும் சகாக்களும் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். பேனிக் டிசார்டர் உள்ளவர்களிடம் அவர்களுடைய இதயத் துடிப்பு என்று சொல்லி ஓர் ஒலியைக் கேட்கவைத்து, திடீரென்று அதன் வேகத்தைக் கூட்டினார்கள். ஒலி பொய்யானது. ஆனால் அதை நம்பிய நோயாளிகளுக்குப் பதற்றம் ஏறியது, ரத்த அழுத்தம் ஏறியது, அவர்களுடைய உண்மையான இதயமும் வேகமெடுத்தது. நோயில்லாதவர்களிடம் இந்த அளவுக்கு மாற்றம் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த சோதனை இன்னும் அழகு. சாண்டர்சன், ரேப்பி, பார்லோ என்ற மூவரும் பேனிக் டிசார்டர் உள்ள இருபது பேருக்கு 5.5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். இது மூச்சு முட்டும் உணர்வைத் தரும், பலருக்கு அட்டாக்கையே கிளப்பிவிடும். எல்லோர் பக்கத்திலும் ஒரு திருகுமிழ் இருந்தது. விளக்கு எரிந்தால் இதைத் திருப்பி வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். பத்துப் பேருக்கு விளக்கு எரிந்தது, பத்துப் பேருக்கு எரியவில்லை. திருகுமிழ் உண்மையில் எதனோடும் இணைக்கப்படவில்லை. இருபது பேருக்கும் ஒரே காற்றுதான். விளக்கு எரியாதவர்களில் எட்டுப் பேருக்கு அட்டாக் வந்தது. எரிந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான். நினைத்தால் நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை, இரத்தத்தில் வாயு ஏறியிருக்கும்போதே அட்டாக்கைத் தடுத்துவிட்டது.

ஒரு வாயு உருளை, ஒரு விளக்கு, எதற்கும் உதவாத ஒரு திருகுமிழ். மூளைப் படம் எடுக்கும் விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பணமே கிடைக்காது என்று இளம் ஆய்வாளர்கள் புலம்பும்போதெல்லாம் எனக்கு இந்தத் திருகுமிழ்தான் நினைவுக்கு வரும்.

இதனால் எல்லாம் மனதின் கற்பனை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பயத்தின் மையம் என்று பாடநூல்கள் சொல்லும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இரு பக்கமும் சிதைந்துபோன மூன்று பேருக்கு, 2013-இல் வெளியான ஆய்வில் 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கொடுத்தார்கள். பாம்பைக் கண்டும் அஞ்சாத பெண் அவர்களில் ஒருவர். மூவருக்கும் அட்டாக் வந்தது. அபாய மணியை அடிக்கப் பழைய, ஆழமான வேறு பாதைகளும் உண்டு. கவிதாவின் முதல் அட்டாக் அப்படி ஏதோ ஒரு பாதையில் வந்திருக்கலாம். வட்டம் அதற்குப் பிறகு கட்டப்பட்டது.

கவிதா செய்த தற்காப்புகள்தான் வட்டத்துக்குச் சிமெண்ட். படியேறாமல் தப்பித்த ஒவ்வொரு நாளும் ‘ஏறாததால்தான் பிழைத்தேன்’ என்ற கணக்கில் சேர்கிறது. ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கிடைப்பதே இல்லை. நாடியைத் தொட்டுக்கொண்டே இருப்பவர், மற்றவர்கள் கவனிக்காமல் விடுகிற சிறு துள்ளலைக்கூடத் தவறவிடுவதில்லை. மாதாமாதம் புதிதாக ஸ்கேன் எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நிம்மதி சில நாள் இருக்கும், பிறகு அடுத்த ஸ்கேன். தேவையான பரிசோதனையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டு நிறுத்துவதுதான் நல்ல வைத்தியம் என்பது என் கட்சி.

அந்த ஒரு தடவையை மட்டும் தவிர்க்கவே கூடாது. முதல் தடவை நெஞ்சு வலி வந்து அவசர சிகிச்சைக்கு ஓடியது சரியான செயல். இதயத்தின் மேலறைப் பகுதியில் மின்பாதை குழம்பி, நாடி திடீரென்று 150, 200 என்று தாவும் ஒரு கோளாறு உண்டு. ஸ்விட்சைப் போட்டதுபோல் தொடங்கி, அணைத்ததுபோல் நிற்கும். அதைப் பேனிக் என்று தவறாக முத்திரை குத்திவிடுவது உண்டு. படபடக்கும் நேரத்தில் எடுக்கப்பட்ட ஈசிஜி கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். உடல் உழைப்பின்போது மட்டும் வரும் நெஞ்சு வலி, உண்மையாகவே மயங்கி விழுவது, நடுத்தர வயதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக வருவது இவையெல்லாம் உடலை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லும் குறிகள்.

பேனிக் டிசார்டர்தான் என்று உறுதியானால், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உதவும். தொடக்க நாட்களில் அவையே படபடப்பைக் கூட்டலாம் என்பதால் மருத்துவர் சிறிய அளவில் தொடங்குவார். இன்னொரு வழி, வட்டத்தை நேராகவே உடைப்பது. சிகிச்சையாளர் எதிரே இருக்க, கவிதா ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்குவார். சுழல் நாற்காலியில் சுற்றுவார். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மட்டும் சுவாசிப்பார். நின்ற இடத்தில் ஓடுவார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறார் என்பதை எழுதிவைப்பார்: ‘மயங்கி விழுவேன்’, ‘இதயம் நின்றுவிடும்’. பிறகு நடந்ததை அதற்குப் பக்கத்தில் எழுதுவார். இதயம் துடிக்கும், தலை சுற்றும், அவ்வளவுதான். வேறு வேறு நாட்களில், வேறு வேறு இடங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். அவசரத்துக்கென்று பையில் வைத்திருக்கும் அந்த மாத்திரையைக் கடைசியில் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். மாதக் கணக்கில் ஒன்றைக்கூட விழுங்காதவர்கள்கூட அந்த நாளன்று வாசலில் நெடுநேரம் நிற்பார்கள்.